ஒரே சளி, மூன்று அறைகள்

மூன்று வாரமாக இருமல் விடாத ஒருவர் சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் சளியைத் துப்பிக் கொடுக்கிறார். வட்டார மருத்துவமனையின் ஆய்வக நுட்பநர் ஒரு குச்சியால் அதில் கொஞ்சம் எடுத்து, கண்ணாடிச் சில்லில் தடவி, காயவைத்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார். சாதாரண மேசைதான். சன்னல் திறந்திருக்கிறது. கையில் உறை, உடம்பில் வெள்ளைக் கோட்டு, அவ்வளவுதான்.

அதே சளியில் மிச்சமிருப்பதைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்காகப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே காட்சி வேறு. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள், முதுகுப்பக்கம் கட்டும் நீள அங்கி, இரட்டைக் கையுறை, மூக்கை இறுக்கும் என்-95 முகக்கவசம். வேலை முழுவதும் கண்ணாடி முகப்பு வைத்த ஓர் எஃகுப் பெட்டிக்குள் நடக்கிறது. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்தகைய மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது.

கிருமி ஒன்று, நோயாளியும் ஒருவர். அங்கே திறந்த மேசை போதுமென்றால் இங்கே ஏன் இத்தனை கட்டுக்காவல்? இங்கே இது அவசியமென்றால் அங்கே இருப்பவர் உயிர் மட்டும் இளப்பமா?

உயிரிப் பாதுகாப்பு நிலைகள் என்ற ஏற்பாடு முழுவதும் இந்தக் கேள்விக்கான பதிலில் அடங்கியிருக்கிறது. ஒன்று முதல் நான்கு வரையுள்ள இந்த எண்களைப் பலரும் கிருமியின் கொடூரத்துக்கு இட்ட மதிப்பெண் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அவை ஆய்வகத்துக்கு, அதிலும் அங்கே செய்யப்படும் வேலைக்குத் தரப்படும் எண்கள். முதல் நிலையில் ஆரோக்கியமானவருக்கு நோய் தராத ஈஸ்ட் போன்றவற்றைக் கையாள்வார்கள். டைபாய்டு, மஞ்சள் காமாலை பி ஆகியவற்றின் கிருமிகள் இரண்டாம் நிலைக்குரியவை. காசநோய்க் கிருமியை வளர்ப்பதற்கு மூன்றாம் நிலை. எபோலா, மார்பர்க், நிபா வைரஸ்களுக்கு நான்காம் நிலை.

மஞ்சள் காமாலை பி உலகில் ஏராளமானோரைக் கொல்லும் நோய். அப்படியிருந்தும் அது இரண்டாம் நிலையிலேயே நிற்பதற்குக் காரணம், ஆய்வகத்தில் அந்த வைரஸ் ஊசிக்குத்து, வெட்டுக்காயம், கண்ணில் தெறிக்கும் ரத்தம் ஆகியவற்றின் வழியாகவே வருகிறது. அந்த வழியைக் கையுறையும் கவனமும் அடைத்துவிடும், தடுப்பூசியும் இருக்கிறது. காசநோய்க் கிருமி காற்றில் வருகிறது. யாரும் மூச்சை நிறுத்திக்கொண்டு வேலை செய்ய முடியாது.

கண்ணுக்குத் தெரியாத விபத்து

ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கு நோய் தொற்றுவது எப்படி என்பதை அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ராபர்ட் பைக் பல ஆண்டுகள் தொகுத்தார். 1976இல் அவர் வெளியிட்ட கணக்கில் 3,921 தொற்றுகள் இருந்தன. அவற்றில் குழாய் உடைந்தது, ஊசி குத்தியது, வாயில் உறிஞ்சியது என்று குறிப்பான ஒரு விபத்தைச் சுட்ட முடிந்தவை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவர்களைக் கேட்டால், வழக்கம்போல வேலை பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் பதில்.

ஆனால் ஏதோ நடந்திருக்கிறது. பிப்பெட்டிலிருந்து கடைசிச் சொட்டை ஊதித் தள்ளும்போது நுனியில் ஒரு குமிழ் உடைகிறது. குழாயை வேகமாகக் குலுக்கியபின் உடனே மூடி திறக்கப்படுகிறது. ஈரமான கம்பி வளையத்தைச் சுடரில் காட்டும்போது அது சடசடக்கிறது. ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் கிளம்புகின்றன.

பெரிய துளிகளால் தொல்லை குறைவு. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள துளி, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சில விநாடிகளில் மேசையில் விழுந்துவிடும், துடைத்துவிடலாம். சின்னத் துளிகளின் கதை வேறு. விழுவதற்குள்ளேயே அவற்றின் நீர் ஆவியாகிப்போக, கிருமி ஒட்டிய நுண்துகள் மட்டும் எஞ்சுகிறது. ஐந்து மைக்ரோமீட்டர் துகளுக்கு அசையாத காற்றில் ஒரு மீட்டர் இறங்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு மைக்ரோமீட்டர் துகளுக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைவரை போய்ச் சேருவதும் இந்த அளவுத் துகள்கள்தான். காசநோய் அங்கிருந்துதான் தொடங்குகிறது, அதற்குப் பத்துக்கும் குறைவான கிருமிகள் போதும் என்று மதிப்பிடுகிறார்கள்.

இப்போது வட்டார மருத்துவமனைக்குத் திரும்பலாம். சளி இழுபடும் கெட்டிப் பொருள், குச்சியால் தடவும்போது அவ்வளவு எளிதாகத் துகளாகச் சிதறாது. நுண்ணோக்கியில் கிருமி தெரிய வேண்டுமானால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் வரை இருந்தாக வேண்டும். பெரிய ஆய்வகத்தில் அந்தச் சளியில் காரம் சேர்த்து, குலுக்கி, நீர்க்க வைத்து, சென்ட்ரிபியூஜில் சுழற்றி, கிருமிகளை அடியில் திரட்டுகிறார்கள். பிறகு ஊட்டப்பொருளில் வாரக்கணக்கில் வளர்க்கிறார்கள். எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று பார்ப்பதற்காக, வளர்ந்த மொட்டுகளைச் சுரண்டி, கண்ணாடி மணிகளோடு நீரில் கலக்கிக் குலுக்குகிறார்கள். அந்தக் கலங்கல் நீரின் ஒரு மில்லிலிட்டரில் கோடிக்கணக்கில் கிருமிகள். அதோடு அது தண்ணீர்போல இளகியது, எளிதில் தெறிப்பது.

உலக சுகாதார நிறுவனம் காசநோய் ஆய்வகங்களுக்கென்று 2012இல் வெளியிட்ட கையேடு, கிருமியைப் பார்க்காமல் இந்தப் படிகளையே பார்த்து வேலையைப் பிரித்தது. சளியைச் சில்லில் தடவுவது குறைந்த ஆபத்து, காற்றோட்டமான மேசை போதும். சளியைப் பதப்படுத்தி வளர்க்க வைப்பது நடுத்தர ஆபத்து, பாதுகாப்புப் பெட்டி வேண்டும். வளர்ந்ததை எடுத்து மருந்துச் சோதனை செய்வது மிகுந்த ஆபத்து, பெட்டியோடு தனி அறையும் வேண்டும். ஒரே சளிக்கு மூன்று அறைகள் வந்தது இப்படித்தான்.

பெட்டியின் சூட்சுமம்

ஆய்வக ஊழியர்கள் கேபினட் என்றோ ஹூட் என்றோ சொல்லும் அந்த எஃகுப் பெட்டி, பார்வைக்குக் கண்ணாடி போட்ட அலமாரிதான். முன்னால் கை நுழைய ஒரு சாண் அளவு திறப்பு. அந்தத் திறப்பில் கதவு ஏதும் கிடையாது, காற்றுதான் கதவு. குளிரூட்டிய கடைகளின் வாசலில் மேலிருந்து வீசும் காற்றுத்திரையை நினைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும்.

பெரும்பாலான ஆய்வகங்களில் இருப்பது இரண்டாம் வகைப் பெட்டி. அதில் அறையின் காற்று, விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் திறப்பின் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. அது வேலை செய்யும் தளத்தின்மேல் பரவாமல், திறப்பின் விளிம்பிலேயே உள்ள கம்பித் துளைகளுக்குள் இறங்கிவிடும். அதே நேரத்தில் மேலிருந்து வடிகட்டிய தூய காற்று தளத்தின்மேல் மெதுவாக இறங்கி, முன்னும் பின்னும் உள்ள துளைகளில் மறைகிறது. உள்ளே கிளம்பும் துகள் ஆளின் முகத்துக்கு வருவதில்லை, அறைத் தூசியும் சோதனைக் குழாயில் விழுவதில்லை. சேகரமான காற்று முழுவதும் ஹெப்பா வடிகட்டிகளைக் கடந்தாக வேண்டும். பரவலாக உள்ள மாதிரியில் சுமார் எழுபது சதவீதம் மறுபடி உள்ளே இறங்கும், மீதி வெளியே போகும்.

ஹெப்பா வடிகட்டி என்பது கண்ணாடி இழைகளால் ஆன மடிப்புத்தாள். 0.3 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களில் பத்தாயிரத்துக்கு மூன்றுக்கு மேல் விடக்கூடாது என்பது அதற்கான விதி. அதைவிடச் சிறிய வைரஸ் நழுவிவிடாதா என்ற சந்தேகம் இயல்பானது. பெரிய துகள் காற்றோடு வளைய முடியாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய துகள் காற்று மூலக்கூறுகள் இடிப்பதால் தள்ளாடி அலைந்து, அதுவும் இழையில் முட்டும். மோதவும் போதாத, தள்ளாடவும் போதாத நடுத்தரம்தான் தப்பிப்பதில் கெட்டிக்காரன். அது 0.3 மைக்ரோமீட்டரை ஒட்டி இருக்கிறது. சோதனைக்கு அந்த அளவைத் தேர்ந்தெடுத்ததே அது வடிகட்டியின் பலவீனமான இடம் என்பதால்தான். அதைவிடச் சிறியதும் பெரியதும் இன்னும் நன்றாகவே சிக்கும்.

வடிகட்டி வலுவானது, காற்றுத்திரை அப்படியல்ல. விநாடிக்கு அரை மீட்டர் என்பது நாம் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. பெட்டியின் முன்னால் ஒருவர் விறுவிறுவென்று கடந்துபோனாலே திரை கிழியும். அதனால்தான் பெட்டியை வாசலுக்கு அருகிலோ குளிரூட்டியின் வாய்க்கு எதிரிலோ வைக்கக்கூடாது, அந்த அறையில் மின்விசிறி சுழலக்கூடாது. உள்ளே கையை நேராக, மெதுவாக நீட்ட வேண்டும். பக்கவாட்டில் வீசினால் காற்று கையோடு வெளியே வரும். முன்விளிம்புத் துளைகளின்மேல் நோட்டுப் புத்தகத்தையோ முழங்கையையோ வைத்தால், அங்கே இறங்க வேண்டிய காற்று ஆளை நோக்கித் திரும்பும். பெட்டிக்குள் எரியும் சுடர், சூடான காற்றை மேலே தள்ளி இறங்கும் காற்றைக் கலைத்துவிடும். அதனால் சுடரில் காட்ட வேண்டிய கம்பி வளையத்துக்குப் பதில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் வளையம் வந்தது. மின்சாரம் போனால் அந்தப் பெட்டி வெறும் திறந்த அலமாரிதான். குழாய்களை மூடிவிட்டு வேலையை நிறுத்த வேண்டும்.

பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அறியப் புகைக்குச்சி ஒன்று போதும். திறப்பின் விளிம்பு நெடுகப் புகையைக் காட்டினால் அத்தனையும் உள்ளே போக வேண்டும், ஒரு கீற்று வெளியே சுருண்டாலும் கோளாறு. ஆண்டுக்கு ஒருமுறையாவது, பெட்டியை இடம் மாற்றினால் உடனேயும், வல்லுநர் வந்து காற்றின் வேகத்தை அளந்து, வடிகட்டியில் கசிவு இருக்கிறதா என்று சோதித்துச் சான்று ஒட்ட வேண்டும்.

பார்வைக்கு இதே மாதிரியே இருக்கும் இன்னொரு கருவியால் வரும் குழப்பம் சாதாரணமானதல்ல. திசு வளர்ப்புக்கும் மருந்து கலப்பதற்கும் பயன்படும் லேமினார் மேசையில், வடிகட்டிய தூய காற்று உள்ளிருந்து ஆளின் முகத்தை நோக்கி வீசும். செடித்திசுவில் தூசி படாமல் காக்க அது சரியான கருவி. அதில் காசநோய்க் கிருமியைத் திறந்தால் அது நேரே மூக்குக்கு வந்து சேரும். அந்த நேரத்தில் திறந்த மேசையே மேல்.

உடையும் அறையும்

உடைதான் படங்களில் பளிச்சென்று தெரிவது. ஆனால் பாதுகாப்பின் வரிசையில் அது கடைசி அரண். துகள் பெட்டியைவிட்டே வரக்கூடாது, வந்துவிட்டால் மட்டுமே முகக்கவசத்துக்கு வேலை. அங்கி முதுகுப்பக்கம் கட்டுவது, தெறிப்பு படும் முன்பக்கத்தில் திறப்போ பொத்தானோ இருக்கக்கூடாது என்பதற்காக. கையுறை, அங்கியின் மணிக்கட்டைத் தன் கீழே அடக்கிக்கொள்ள வேண்டும். அறுவை அரங்கில் அணியும் துணி முகக்கவசம் அணிந்தவரின் எச்சில் பிறர்மேல் படாமல் தடுக்கவே ஆனது, அதன் ஓரங்களில் காற்று தாராளமாக நுழையும். என்-95 முகத்தோடு இறுகப் பொருந்தினால்தான் என்-95. தாடி இருந்தால் பொருந்தாது. எனவே முகத்தில் சரியாக உட்காருகிறதா என்று ஒவ்வொருவருக்கும் முதலில் சோதித்துப் பார்ப்பது வழக்கம்.

அணிவதைவிடக் கழற்றுவதில்தான் தவறு நடக்கும். மேல் கையுறையைப் பெட்டிக்குள்ளேயே கழற்றிப் போட வேண்டும். பிறகு அங்கியை உள்பக்கம் வெளியே வருமாறு சுருட்டி, அதன்பின் உள் கையுறை, அடுத்துக் கை கழுவல். முகக்கவசம் அறையைவிட்டு வெளியேறிய பிறகே கழற்றப்படும், கழற்றிய கையை மறுபடியும் கழுவ வேண்டும். எந்தப் பொருளில் கிருமி அதிகம் பட்டிருக்கக்கூடுமோ அது முதலில் போகிறது, மூச்சைக் காப்பது கடைசியில் போகிறது.

அறையின் வேலை, பெட்டியும் தவறி உடையும் தவறினால் மற்றவர்களைக் காப்பது. மூன்றாம் நிலை அறையிலிருந்து காற்று எப்போதும் உறிஞ்சி வெளியேற்றப்படுவதால், உள்ளே அழுத்தம் நடைபாதையைவிடக் குறைவு. கதவைத் திறந்தால் காற்று உள்ளேதான் பாயும். இந்த அழுத்த வேறுபாடு ஒரு கட்டத்துக்குச் சுமார் 12 பாஸ்கல் என்று வைப்பார்கள். நீர்மட்டத்தில் சொன்னால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். இவ்வளவு மெல்லிய வேறுபாடு என்பதால் இரண்டு கதவுகளும் சேர்ந்து திறந்தால் அது இல்லாமலே போய்விடும். ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும் என்ற பூட்டு அதற்காகவே.

குழாய் விழுந்தால்

வளர்த்த கிருமி இருந்த குழாய் பெட்டிக்கு வெளியே தரையில் விழுந்து உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே குனிந்து துடைப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். செய்யக்கூடாததும் அதுதான். எல்லாரையும் எச்சரித்து உடனே வெளியேற வேண்டும், முன்னறையில் அங்கியைக் கழற்ற வேண்டும், கதவை மூடி, உள்ளே வராதீர்கள் என்று பலகை மாட்ட வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் என்பதை அறையின் காற்றோட்டம் சொல்லும். மணிக்குப் பன்னிரண்டு முறை காற்று மாறும் அறையில், மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற 23 நிமிடம் ஆகும், 99.9 சதவீதத்துக்கு 35 நிமிடம். மணிக்கு ஆறு முறைதான் என்றால் இரண்டும் இருமடங்காகும். குறைந்தது அரை மணி நேரம் என்ற விதியும், காசநோய் ஆய்வகங்களில் அதை ஒரு மணி நேரமாக்கும் வழக்கமும் இந்தக் கணக்கிலிருந்து வந்தவை.

அதன்பின் முழு உடையோடு உள்ளே போய், சிந்திய இடத்தைத் துணியால் மூடி, அதன்மேல் கிருமிநாசினியை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஊற்ற வேண்டும். நேராக நடுவில் ஊற்றினால் மறுபடி தெறிக்கும். உடைந்த கண்ணாடியைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுக்க வேண்டும். அள்ளியது எல்லாம் ஆட்டோகிளேவுக்குள் 121 டிகிரி செல்சியஸ் நீராவிக்குப் போகும். பையில் ஒட்டிய நாடா நிறம் மாறினால் சூடு பட்டது என்று மட்டுமே பொருள், பையின் நடுவில் இருந்தவை செத்தனவா என்பதை நாடா சொல்லாது. அதற்கு வெப்பத்தை எளிதில் தாங்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகளை அடைத்த சிறு குப்பியைப் பைக்குள் வைத்து, பிறகு அவை முளைக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

காத்திருப்பதைச் சுருக்கினால் நான்காம் நிலை அறைகூடக் காப்பாற்றாது என்பதைத் தைபேயில் 2003 டிசம்பரில் கண்டார்கள். ராணுவ ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் நான்காம் நிலை ஆய்வகத்தில், சார்ஸ் வைரஸ் கழிவு அடைத்த பெட்டிக்குள் கசிந்திருந்தது. ஆய்வாளர் ஒருவர் முழுப் பாதுகாப்பு இல்லாமல் பெட்டியைத் திறந்து துடைத்தார். அடுத்து ஒரு கருத்தரங்குக்காகச் சிங்கப்பூர் போய்த் திரும்பிய பிறகு சார்ஸோடு படுத்தார். நல்லவேளையாக அவரிடமிருந்து வேறு யாருக்கும் பரவவில்லை.

கொன்றுவிட்டால்?

அடைத்து வைப்பதற்கு மாற்றாக இன்னொரு வழி இருக்கிறது. கிருமியை முதலிலேயே கொன்றுவிட்டால் பெட்டியும் அறையும் எதற்கு? தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் சிபிநாட் என்ற பெயரில் புழங்கும் சோதனை இப்படித்தான் நடக்கிறது. சளியோடு இருமடங்கு வேதிக்கரைசலைச் சேர்த்து, குலுக்கி, பதினைந்து நிமிடம் வைக்கிறார்கள். கிருமிகளில் மிகப் பெரும்பகுதி அதிலேயே செத்துவிடும். பிறகு கலவையை மூடிய கார்ட்ரிட்ஜில் விட்டால், இரண்டு மணி நேரத்துக்குள் இயந்திரம் கிருமியின் மரபணுவைத் தேடிச் சொல்லிவிடுகிறது. சில்லில் தடவுவதற்கு இருக்கும் ஏற்பாடுகளே இதற்கும் போதும். செத்த கிருமியின் மரபணுவையும் அது காட்டும் என்பதால், சிகிச்சை பலிக்கிறதா என்று தொடர்ந்து பார்க்கவும், பல மருந்துகளைச் சோதிக்கவும் கிருமியை வளர்த்தே ஆக வேண்டும். அதற்கு மூன்றாம் நிலை அறை இன்னமும் தேவைப்படுகிறது.

கொன்றுவிட்டோம் என்ற நம்பிக்கையே ஆபத்தாகும் இடமும் உண்டு. 2004இல் பெய்ஜிங்கில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்தில், செயலிழக்கச் செய்ததாகக் கருதப்பட்ட சார்ஸ் வைரஸைச் சாதாரண ஆய்வறைக்குக் கொண்டுபோய் வேலை செய்தார்கள். வைரஸ் முழுவதும் செயலிழந்திருக்கவில்லை. அங்கே பணியாற்றியவர்களிடம் தொடங்கி ஒன்பது பேருக்கு நோய் வந்தது. மாணவி ஒருவரைப் பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்ட அவருடைய தாயார் இறந்தார்.

அதனால் கொல்லும் முறை ஒவ்வொன்றையும் அந்தந்த ஆய்வகம் தானே சோதித்துப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும் என்பது இப்போதைய நடைமுறை. காசநோய்க் கிருமியை எடுத்துக்கொண்டால், செத்ததாகச் சொல்லப்படும் கலவையில் கொஞ்சம் எடுத்து, மூன்றாம் நிலை அறையிலேயே ஊட்டத் திரவத்தில் இட்டு, 37 டிகிரியில் 42 நாள் வைத்துப் பார்ப்பார்கள். அத்தனை நாளும் ஒன்றும் முளைக்காவிட்டால் மட்டுமே, அந்த முறையில் கொல்லப்பட்ட மாதிரியை அடுத்த அறையின் சாதாரண மேசைக்குக் கொண்டுபோகலாம்.